சொல்வதை எழுதுபவன்

போன வருஷம் ஜனவரி கடைசியில், அக்காவின் நாற்பதாவது பிறந்தநாள் அன்று, காலை ஆறு மணிக்கு அவளே எனக்கு போன் செய்தாள்.

"என்னடா அனுப்பிருக்க? படம்னு மட்டும் சொல்லுது."

நான் பெங்களூரில் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாழ்த்து அட்டை போட்டிருந்தேன். பின்னணியில் தெப்பக்குளத்தின் நடு மண்டபம், விளக்குகள் தண்ணீரில் விழுந்த படம். அதன் மேல் அழகான எழுத்துருவில் எட்டு வரிகள். அதை வடிவமைக்க ஒரு மணி நேரம் ஆனது. சித்தி, மாமா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் காலைக்குள் முப்பது இதயம் போட்டிருந்தார்கள். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்து எழுத்தல்ல, வெறும் புள்ளிகள். அக்காவின் போனில் இருக்கும் டாக்பேக் என்ற செயலி, திரையில் உள்ள எழுத்தை எடுத்து வாசிக்கும். என் எட்டு வரிகளில் அதற்கு எடுக்க ஒன்றுமே இல்லை.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. நான் பதிமூன்று வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். பார்வையில்லாத ஒருத்திக்கு, அவள் பிறந்தநாளில், அவளால் மட்டும் வாசிக்க முடியாத ஒன்றை அனுப்பியிருந்தேன். ஊரே வாசித்துவிட்டது.

"சரி, வாசிச்சுக் காட்டு," என்றாள்.

வாசித்தேன். இருட்டிலும் ஒளியாக நிற்பவள் என்று முதல் வரி. எத்தனை தடைகள், எத்தனை கண்ணீர், அத்தனையையும் வென்ற என் அக்கா என்று இரண்டாவது. எங்கள் எல்லாருக்கும் நீயே உந்துசக்தி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது வரிக்கு வந்தேன்: 'உனக்காகப் பரீட்சை எழுதிய கையாக இருந்ததில் எனக்குப் பெருமை.'

அந்தப் பக்கம் ஸ்டவ்வில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"அந்தக் கை ஒரு இடத்துல நின்னுச்சே. ஞாபகம் இருக்கா?"

*

ஞாபகம் இருந்தது. ஆனால் அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2004. நான் ஒன்பதாம் வகுப்பு. அக்கா பி.ஏ. வரலாறு. பார்வையில்லாத மாணவர் பதிலைச் சொல்ல, இன்னொருவர் விடைத்தாளில் எழுத வேண்டும். அரசாங்கக் காகிதங்களில் அவருக்கு 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். எழுதுபவர் தேர்வரைவிடப் படிப்பில் குறைந்தவராக இருப்பது வழக்கம். அவருக்கே பதில் தெரிந்திருந்தால் அவரே எழுதிவிடுவாரே, அதனால். 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டுதலும் அதையேதான் சொன்னது: சொந்தமாக ஆளைக் கூட்டிவந்தால் அவர் ஒரு படி கீழே படித்தவராக இருக்க வேண்டும், மணிக்கு இருபது நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும். எங்கள் வீட்டில் நான் பல படி கீழே இருந்தேன். கையெழுத்தும் நன்றாக இருக்கும். அம்மாவும், "தம்பி போகட்டும், அவளுக்குக் கண்ணா இருக்கணும்ல," என்று அனுப்பிவைத்தாள்.

தனி அறை கொடுத்தார்கள். அறையில் நாங்கள் இரண்டு பேர், வாசலில் ஒரு கண்காணிப்பாளர். கேள்வி, மதுரை நாயக்கர்களின் பாளையக்காரர் முறை பற்றி. அக்கா முதலில் கேள்வியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தது, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களைப் பாளையக்காரர்களிடம் ஒப்படைத்தது, வரியில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, மிச்சம் பாளையக்காரருக்கு. இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. ராத்திரி அவளுக்கு வாசித்துக் காட்டியதே நான்தான்.

அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. இந்த 72 ஒரு ஆரம்பக் கணக்குதான், பின்னால் பாளையங்கள் கூடியிருக்கும் குறைந்திருக்கும், அதனால் அந்த எண்ணை எல்லாக் காலத்துக்கும் பொருத்தக் கூடாது என்றாள். மேலே இருக்கிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது எழுதி வைத்த விதி, அது நிஜத்தில் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி என்றாள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு விரல் வலித்தது. அதோடு, ஒன்பதாம் வகுப்புப் பையனின் புத்தியில் ஒன்று தோன்றியது: புத்தகத்தில் இல்லாததை எழுதினால் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள், அக்காவுக்கு அது தெரியவில்லை, நான்தான் காப்பாற்ற வேண்டும். பேனாவை நிறுத்திக்கொண்டேன். அவள் பேசி முடித்ததும், 'இவ்வாறு பாளையக்காரர் முறை சிறப்பாக விளங்கியது' என்று நானாக ஒரு வரி போட்டு முடித்தேன்.

கடைசியில் அவள் வாசித்துக் காட்டச் சொன்னாள். அதுவும் வழக்கம்தான், எழுதியதைத் திரும்பக் கேட்டுத் திருத்துவது. நான் தாளைப் பார்த்துக்கொண்டே, தாளில் இல்லாததை ஞாபகத்திலிருந்து சொன்னேன். கூடுதல் குறைவான அந்த 72, போய்ச் சேராத வரி, எல்லாவற்றையும் எழுதியிருப்பது போலவே வாசித்தேன்.

"பேனா சத்தம் நின்னுருச்சுடா," என்றாள் போனில். "ரெண்டு பேர்தான் இருந்தோம் ரூம்ல. ஃபேன்கூட ஓடல. யாருக்கும் கேட்டிருக்கும்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன சொல்லிருப்ப? எழுதிட்டேன்னுதான் சொல்லிருப்ப. நான் யார்ட்ட போயி காட்டிச் சரிபார்க்க? அடுத்த பரீட்சை நாளைக்கழிச்சு. அதுக்கும் நீதான் வரணும்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உட்கார வைத்தது. அவள் மன்னித்து விட்டதால் சும்மா இருக்கவில்லை. வேறு வழி இல்லாததால் இருந்திருக்கிறாள். அந்த இருபது வருஷமும் நான் அதைப் பெரிய உதவி என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

*

இந்த வருஷம் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பே வாழ்த்தை எழுத உட்கார்ந்தேன். முதலில் போன வருஷ எட்டு வரிகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கோடில் பிழை தேடுவது மாதிரி. ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொண்டேன். இதே வரியைப் பார்வையுள்ள என் பெரியப்பா பையனுக்கு, அவனுடைய நாற்பதாவது பிறந்தநாளில் அனுப்புவேனா? அவனுக்கும் கஷ்டம் உண்டு. இரண்டு தடவை தொழிலில் நஷ்டமாகி எழுந்தவன். ஆனால் 'எத்தனை கண்ணீர், அத்தனையையும் வென்றவனே' என்று அவனுக்கு எழுதினால், "என்னடா, குடிச்சிருக்கியா?" என்று கேட்பான். அவனுக்கு அனுப்புவது, "டேய், எப்ப பிரியாணி?" என்பதுதான். எட்டு வரியில் ஒன்றுகூட அவனிடம் செல்லாது. அப்படியென்றால் அந்த வரிகள் எல்லாம் அக்காவைப் பற்றியவை அல்ல, அவள் கண்ணைப் பற்றியவை.

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார். எலும்புகள் எளிதில் முறியும் குறைபாட்டோடு பிறந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014-இல் சிட்னியில் பேசிய ஒரு டெட் உரையில் தன் பதினைந்து வயதுக் கதை ஒன்றைச் சொல்கிறார். ஊர்க்காரர் ஒருவர் அவர் பெற்றோரை அணுகி, உங்கள் பெண்ணைச் சாதனையாளர் விருதுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன் என்கிறார். பெற்றோர் சொல்கிறார்கள்: நல்ல விஷயம்தான், ஆனால் அவள் இன்னும் ஒன்றும் சாதிக்கவில்லையே. அவர் பள்ளிக்கூடம் போனார், நல்ல மார்க் வாங்கினார், டிவி பார்த்தார், அவ்வளவுதான். ஊனமுள்ள ஒருவர் சாதாரணமாக வாழ்வதையே மற்றவர்களுக்கு ஊக்க மருந்தாகக் காட்டுவதை அவர் கடுமையான ஒரு பெயரால் அழைத்தார். அந்த மருந்தைக் குடிப்பவர்கள் 'என் வாழ்க்கை இவ்வளவு மோசமில்லை' என்று ஆறுதல் பெறுகிறார்கள், அதுதான் அதன் வேலை என்றார். அதே வருஷம் டிசம்பரில், 32 வயதில் இறந்துபோனார்.

அந்த உரையை அக்காவுக்கு அனுப்பியபோது அவள் கேட்டுவிட்டுச் சொன்னது: "எனக்கு விருதெல்லாம் யாரும் தரல. பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க உச்சுக்கொட்டுவாங்க. ஸ்கூலுக்கா போறீங்க, தனியாவான்னு. நான் அங்க பதினாலு வருஷமா வாத்தியார்னு சொன்னா இன்னும் சத்தமா உச்சுக்கொட்டுவாங்க."

'உந்துசக்தி' வெளியே போனது. அதோடு 'இருட்டிலும் ஒளி'யும் போனது. பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு இருட்டு என்று ஒன்று தெரிய வேண்டும் என்று நான் எப்படி முடிவு கட்டினேன்? கண்ணை மூடிக்கொண்டால் எனக்குத் தெரியும் கறுப்பை அவள் மேல் ஏற்றியிருக்கிறேன். பின்னர் ஒருநாள் அவளிடமே கேட்டேன். "உன் முழங்கையால என்ன தெரியுது? இருட்டாவா இருக்கு?" என்று கேட்டாள்.

*

இரண்டாவது வரைவில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கண்ணைப் பற்றி ஒரு சொல்கூட வராமல், கடைசியில் மட்டும் இப்படி முடித்தேன்: 'நீ பார்வையில்லாதவள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதே இல்லை.' எழுதி முடித்ததும் தொண்டை அடைத்தது. இதைவிட மரியாதையாக ஒருத்தியிடம் என்ன சொல்லிவிட முடியும் என்று தோன்றியது.

அனுப்பவில்லை. பொங்கலுக்கு வண்டியூர் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாக அந்த வரியை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்புறம் எதுக்குடா நாற்காலிய நடையில போட்டுட்டுப் போற?"

திரும்பிப் பார்த்தேன். லேப்டாப்பில் வேலை பார்க்க நான் இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது. காலையில் அவள் அதில் முட்டியிருக்கிறாள். முழங்காலில் சிராய்ப்பு இருந்தது. எங்கள் வீட்டில் சாமான்களுக்கெல்லாம் இடம் உண்டு. உப்பு இடதுபக்கம், சீனி வலதுபக்கம். கதவு ஒன்று முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லை மூடியிருக்க வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது. அப்பா இருந்தவரை இதில் கறாராக இருப்பார். நான் பெங்களூர் போய் அதை மறந்துவிட்டேன். அவள் பார்வையில்லாதவள் என்று எனக்குத் தோன்றாமல் போனதன் பலன், அவள் முழங்காலில் இருந்தது.

"பார்வை இல்லைங்கிறது ஒண்ணும் ரகசியம் இல்ல," என்றாள். "அத மறந்தாத்தான் என்னை மதிக்க முடியும்னா, அப்ப அது உனக்கு அசிங்கமாப் படுதுன்னு அர்த்தம். அதையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, மத்ததையும் தெரிஞ்சு வச்சுக்க."

எந்தச் சொல்லைப் போடுவது என்பதிலும் அவளுக்கென்று கருத்து உண்டு. தமிழ்நாட்டு அரசு 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு 'மாற்றுத்திறனாளி'க்கு வந்தது. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசும்போது 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தார், தெய்விக உறுப்பு கொண்டவர் என்ற பொருளில். பழைய வசவுச் சொற்களை ஒழித்ததில் 'மாற்றுத்திறனாளி'க்குப் பங்கு உண்டு, மேடையில், விண்ணப்பத்தில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்பாள் அக்கா. வீட்டுக்குள் அவளுக்கு அது வேண்டாம். "கண்ணு தெரியாது. அவ்வளவுதான். நான் எந்தத் திறனையும் யார்ட்டயும் மாத்திக்கல." இன்னொருவருக்கு இன்னொரு சொல் பிடிக்கலாம். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்வாள்.

*

கேட்பது என்பது எனக்கு ஏன் அவ்வளவு தாமதமாகத் தோன்றியது என்று தெரியவில்லை. வேலையில் ஒரு திரையை வடிவமைக்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் பேசாமல் ஒரு வரி எழுத மாட்டோம். அக்கா விஷயத்தில் அப்படி ஒரு கேள்வியே வரவில்லை. வாழ்த்து என்றால் ஆச்சரியமாக இருக்க வேண்டும், கேட்டுச் செய்தால் அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்குக் கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் கேட்டேன்: "உனக்கு எப்படி அனுப்பினா வாசிக்க நல்லாருக்கும்?"

அவள் போனை எடுத்துப் போன வருஷ வாழ்த்துகளை ஓடவிட்டாள். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கேட்கும் வேகத்தில் எனக்கு அது தமிழ் என்றே தெரியவில்லை. எனக்காக வேகத்தைக் குறைத்தாள். அப்போதுதான் எங்கள் குடும்பம் அவளுக்கு எப்படிக் கேட்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.

சித்தி பெண் பத்து கேக், பத்து பலூன் போட்டிருந்தாள். எனக்கு அது ஒரு வண்ணக் குவியல், ஒரு நொடியில் கண் தாண்டிவிடும். அக்காவின் போன், "பிறந்தநாள் கேக், பிறந்தநாள் கேக், பிறந்தநாள் கேக்" என்று எண்ணிக்கொண்டே போனது. வாழ்த்து அதற்கப்புறம்தான். அடுத்து மாமா பையன் `Iniya pirandhanaal vaazhthukkal akka` என்று அடித்திருந்தான். போன் அதை ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் பல்வலியோடு பேசுவது போல வாசித்தது. அதற்கடுத்தது அலங்கார எழுத்து. இணையத்தில் சில தளங்களில் பெயரைக் கொடுத்தால் இப்படி வளைத்துத் தரும்:

```
𝓗𝓪𝓹𝓹𝔂
```

பார்ப்பவருக்கு இது அழகான ஹெச். ஆனால் கணினிக்கு அது ஹெச் என்ற எழுத்தே இல்லை. கணிதச் சூத்திரங்களுக்காக யூனிகோடில் ஒதுக்கப்பட்ட தனிக் குறி, அதன் அதிகாரப்பூர்வப் பெயர் `MATHEMATICAL BOLD SCRIPT CAPITAL H`. திரைவாசிப்பான்களில் சில அந்தப் பெயரை அப்படியே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒப்பிக்கும், சில ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும். அக்காவின் போன் தாண்டியது. அனுப்பியவர் பெயர், நேரம், அப்புறம் மௌனம்.

"அப்ப வாய்ஸ் மெசேஜ் போட்டா ஈசியா இருக்கும்ல?" என்றேன். நான் மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம், காதால் வாழ்கிறவளுக்குக் காதுக்கு அனுப்புவோம் என்று.

"எழுத்துதான் வேணும்," என்றாள். "உன் குரல நீ பேசுற வேகத்துலதான் கேக்கணும். எழுத்த என் வேகத்துல கேப்பேன். பிடிச்ச வரிக்குத் திரும்பிப் போவேன். ஒரு வார்த்தை புரியலன்னா எழுத்தெழுத்தா கேப்பேன். ஒரு வருஷம் கழிச்சுத் தேடுனாலும் கிடைக்கும். வாய்ஸ் மெசேஜ எங்கிட்டுப் போயி தேட?"

ஆக அவள் கேட்டது மிகச் சின்னது. தமிழ் எழுத்தில், சாதாரண எழுத்துருவில், நேரடியாகத் தட்டச்சு செய்தது. ஈமோஜி வேண்டுமானால் ஒன்று, அதுவும் கடைசியில். படம் போட்டால் படத்தில் என்ன இருக்கிறது என்று கீழே ஒரு வரி. "தெப்பக்குளம் படம் போட்டேன்னியே, அதுல எந்தப் பக்கம்? எங்க இருந்து எடுத்தது? தண்ணி இருந்துச்சா? அதச் சொன்னா எனக்கும் படம்தான்."

*

தண்ணீர் இருந்ததா என்பது எங்கள் ஊரில் நியாயமான கேள்விதான். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் காலத்தது, எங்கள் சிறுவயதில் பல வருஷம் வறண்டே கிடந்தது. தைப்பூசத்தை ஒட்டிய தெப்பத் திருவிழாவுக்கும் சில வருஷம் தண்ணீர் இல்லாமல், தெப்பத்தை மிதக்கவிடாமலே நடத்தியிருக்கிறார்கள். அந்த வறண்ட குளத்துக்குள்தான் நாங்கள் கிரிக்கெட் விளையாடினோம். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். ஸ்கோர் அவளிடம். யார் எத்தனை ரன், எத்தனாவது பந்து, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். பேப்பரில் எழுதினால் இரண்டு அணியும் திருத்திவிடுவார்கள், அக்காவிடம் இருப்பதைத் திருத்த முடியாது. அதனால்தான் அவளிடம் கொடுத்தார்கள், பாவப்பட்டு இல்லை. ஒருமுறை நான் நாற்பத்தெட்டில் நின்று ஐம்பது அடித்ததாகக் கையைத் தூக்கியபோது, "நாப்பத்தெட்டு," என்று படிக்கட்டிலிருந்து சத்தம் வந்தது. அவள் தம்பி என்பதற்காக இரண்டு ரன் கிடைக்கவில்லை.

மூன்றாவது வரைவுக்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் வேண்டியிருந்தது. ஸ்கோர் சொன்னவள், கேள்வியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னவள், புத்தகத்தில் இருந்த எண்ணைச் சந்தேகப்பட்டவள். மூன்றும் ஒரே ஆள்தான். அவளை நான் ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். பார்த்த இடத்தில்தான் பேனாவை நிறுத்தினேன். வாழ்த்து அட்டையில் அவளுக்குப் பதிலாக, பாளையக்காரர் முறைக்குப் போட்ட அதே மாதிரிக் கடைசி வரியை எட்டாக்கிப் போட்டேன்: சிறப்பாக விளங்கினாள்.

இப்போது அவள் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறாள். கரும்பலகையில் எழுத ஒரு பிள்ளையைக் கூப்பிடுவாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்புக்கு அவள் சொல்லும் முதல் விதியை, ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போனபோது ஜன்னலோரம் நின்று கேட்டேன். "நான் சொன்னத சொன்னபடி எழுது. தப்புன்னு தோணுச்சுன்னா, எழுதிட்டு அப்புறம் கையத் தூக்கு." அன்று ஒரு பெண் கையைத் தூக்கினாள். அக்கா சொன்ன வருஷம் புத்தகத்தில் இருந்ததோடு பொருந்தவில்லை. அக்கா யோசித்து, "நீ சொல்றது சரி, மாத்து," என்றாள். அந்தப் பெண் எழுதாமல் விட்டிருந்தால், அல்லது தானாக மாற்றிப் போட்டிருந்தால், அந்த ஒரு நிமிஷப் பேச்சு நடந்தே இருக்காது. 2004-இல் எனக்கு யாரும் இந்த விதியைச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பரீட்சை அறையில் கையைத் தூக்க வழியும் இல்லை. ஆனால் முதல் பாதி, சொன்னதைச் சொன்னபடி எழுதுவது, என் வேலையே அதுதான் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

*

இந்த வருஷம் அனுப்பியது இது. குழுவில் போடவில்லை, அவளுக்கு மட்டும். இங்கே போட அவளிடம் கேட்டுவிட்டேன்.

'அக்கா, பிறந்தநாள் வாழ்த்துகள். நாற்பத்தொண்ணு. பாளையக்காரர் கேள்விக்கு நீ சொன்ன கடைசி ரெண்டு பாயிண்டையும் நான் எழுதல. 72 ஆரம்பக் கணக்குதான்னு சொன்னது ஒண்ணு. மூணுல ஒரு பங்கு வரி நிஜமாப் போய்ச் சேர்ந்துச்சாங்கிற கேள்வி இன்னொண்ணு. பதிலா நானா ஒரு வரி போட்டேன். அப்புறம் எழுதுனதா வாசிச்சும் காட்டினேன். அது பொய். உனக்கு ஒத்தாசை பண்ணுறதா நினைச்சுக்கிட்டேன். தப்பு. அன்னிக்கு ஸ்கோர் நாப்பத்தெட்டுதான், அதையும் ஒத்துக்கிறேன். ஒரு விஷயத்துல மட்டும் கையத் தூக்குறேன்: வீட்ட விக்கக் கூடாதுன்னு நீ சொல்றது தப்புன்னு நினைக்கிறேன், அடுத்த வாரம் வந்து சண்டை போடுறேன். நாற்காலிய சுவரோரம் வச்சிட்டுத்தான் வந்தேன். 🎂'

அனுப்பும் முன் என் போனில் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடாமல், காதால் மட்டும் ஒரு தடவை கேட்டேன். 'ஒண்ணு' என்று எழுதிய இடங்களில் சற்றுத் தடுமாறியது, மற்றபடி ஓடியது. இரங்கல் வரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பெரியப்பா பையன் சோதனையையும் வைத்துப் பார்த்தேன். அவனோடும் எனக்கு வீட்டுச் சண்டை உண்டு, அவனுக்கும் நான் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன். அவனுக்கும் இதே தொனியில் எழுதுவேன்.

அக்காவிடமிருந்து பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. குரலில் தட்டச்சு செய்வாள், சில சமயம் சொல் மாறும், ஆனால் அனுப்பும் முன் கேட்டுச் சரிபார்ப்பாள். பிழை ஒன்றும் இல்லை.

'ரெண்டு இல்லடா, மூணு பாயிண்ட் சொன்னேன். மூணாவது என்னன்னு யோசிச்சுட்டு வா. வீட்ட விக்க மாட்டேன்.'

மூன்றாவது என்ன என்று இதுவரை ஞாபகம் வரவில்லை. பேனாவை நிறுத்திய பிறகு அவள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவும் இல்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.